கடலில் கறுப்புக் கோடு கிடையாது

"ஐயா, நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். வயது 36. 25 மீட்டர் குளத்தில் 1,500 மீட்டரை 36 நிமிடத்தில் முடிக்கிறேன். மார்ச் மாதம் புதுச்சேரி அருகே கடல் நீச்சல் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கரையிலிருந்து 500 மீட்டர் உள்ளே, 500 மீட்டர் கரையோரமாக வடக்கே, பிறகு கரைக்கு 500 மீட்டர். கடலில் நீந்தியதே இல்லை. ஜனவரியில் ஏற்காட்டில் ஒரு விடுதிக் குளத்தில் இறங்கியபோது மூச்சே நின்றதுபோல் ஆனது. குளிரையும் கூட்டத்தையும் நினைத்தால் பயமாக இருக்கிறது. எப்படித் தயாராவது?"

குளிரை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். மார்ச் மாதத்தில் வங்கக் கடலின் மேற்பரப்பு நீர் 27 டிகிரியை ஒட்டி இருக்கும். ஏற்காட்டில் உங்களுக்கு நேர்ந்தது, தோல் சட்டென்று குளிர்ந்ததும் உடல் தானாகக் காற்றை இழுத்துக்கொள்வது. முதல் அரை நிமிடத்தில் அது உச்சத்துக்குப் போகும், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். குளிர்ந்த நீரில் சில நிமிடம் இருப்பதை வெவ்வேறு நாட்களில் ஐந்தாறு முறை செய்தாலே அதன் வேகம் குறைந்துவிடும். இது குளிர்ந்த கடலில் நீந்தப் போகிறவர்களுக்கு அவசியம், உங்களுக்குக் கட்டாயமில்லை. ஆனால் அதே மூச்சுமுட்டல் பதற்றத்தாலும் வரும். போட்டி தொடங்குமுன் இடுப்பளவு நீரில் நின்று முகத்தைப் பலமுறை முக்கி, நீருக்குள் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். வெளிமூச்சு முழுமையாகப் போனால் உள்மூச்சு தானாக வரும்.

நீங்கள் உண்மையில் உழைக்க வேண்டிய இடம் திசை. குளத்தின் அடியில் ஓடும் கறுப்புக் கோடு உங்களை இத்தனை காலம் நேராக வைத்திருந்தது. அது இல்லாவிட்டால் எந்தப் பக்கம் விலகுகிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆளில்லாத நேரத்தில் பாதையின் நடுவிலிருந்து கண்ணை மூடிப் பத்துப் பன்னிரண்டு கைவீச்சு நீந்திப் பாருங்கள். பலரும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம்தான் போவார்கள். பத்து டிகிரி விலகினாலே 100 மீட்டரில் 17 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள்.

இதற்கு மருந்து, தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்குவது. நீருக்கு மேலே கண் தெரியும் முதலையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னே நீட்டிய கை நீரை அழுத்தத் தொடங்கும்போது கண்ணாடி மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் வர வேண்டும். பார்த்தவுடன் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் பார்த்தபடியே மூச்சு எடுக்க முயன்றால் தலை உயரும், இடுப்பு தாழும், ஒவ்வொரு முறையும் வேகம் செத்துப்போகும். எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை போதும். அலை உங்களைத் தூக்கும்போது பாருங்கள். பள்ளத்தில் இருக்கும்போது பார்த்தால் நீர்ச்சுவர்தான் தெரியும். போட்டிப் பாதையைக் காட்டும் மிதவை தெரியவில்லையென்றால் நின்று தேடாமல், அடுத்த மூன்று நான்கு கைவீச்சுக்குள் இன்னொரு முறை பாருங்கள். சேலத்திலேயே இதைப் பழகலாம்: குளத்தின் கடைசித் திட்டில் ஆரஞ்சு நிறப் பாட்டில் ஒன்றை வைத்துவிட்டு, ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு முறை அதைப் பார்த்து நீந்துங்கள்.

நம் கிழக்குக் கரையில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. மார்ச் மாதத்தில் சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதிக்கிறது. காலை ஏழு மணிக்குப் போட்டி என்றால், முதல் 500 மீட்டரும் கண்ணைக் கூசும் ஒளிக்குள்தான் போவீர்கள். ஆகவே கறுத்த அல்லது ஒளியைப் பிரதிபலிக்கும் பூச்சுள்ள கண்ணாடி வாங்குங்கள். மறுபடி கரைக்கு வரும்போது சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் தொல்லை இல்லை. ஆனால் முடிவிடத்தைக் காட்ட மணலில் நடுவது சிறு கொடிதான், அது தூரத்திலிருந்து தெரியாது. அதற்கு நேர் பின்னால் உயரமாக என்ன இருக்கிறது, கோபுரமா, தண்ணீர்த் தொட்டியா என்று முந்தைய மாலையே கரையில் நின்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நீரோட்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர நீரோட்டம் தெற்கே போகும். மார்ச், ஏப்ரலில் பெரும்பாலும் வடக்கே போகும். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுவரைத் தள்ளிக் கிடைக்கும் வேகம் இல்லாததால், கடலில் முதல் 500 மீட்டருக்குப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும் என்று வையுங்கள். நீரோட்டம் நொடிக்கு வெறும் 10 சென்டிமீட்டர் என்றாலும், அதற்குள் உங்களை 75 மீட்டர் வடக்கே தள்ளியிருக்கும். கைவீச்சு எவ்வளவு நேராக இருந்தாலும் இது நடக்கும். அதனால் உள்ளே போகும்போது மிதவைக்குச் சற்று வலப்புறமும் கரைக்குத் திரும்பும்போது இடப்புறமும் குறி வையுங்கள். இரண்டுமே தெற்குப் பக்கம். இடையிலுள்ள வடக்கு நோக்கிய 500 மீட்டரில் நீரோட்டமே உங்களைச் சுமக்கும். அன்றைய ஓட்டம் மாறியும் இருக்கலாம். மிதவையும் அதன் கயிறும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள், படகு இறக்கும் மீனவர்களிடம் கேளுங்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை, 36 நிமிடத்தை மறந்துவிடுங்கள். அதற்குள் 59 முறை சுவரைத் தள்ளியிருக்கிறீர்கள், ஒவ்வொரு தள்ளலும் சிறு ஓய்வு. சுவருக்கு ஒரு கை தூரம் முன்பே, எதையும் தொடாமல் திரும்பி 500 மீட்டரை மூன்று முறை நீந்துங்கள். அப்போது கிடைக்கும் நேரமே கடலுக்கு நெருக்கமானது. கடலில் 40 முதல் 45 நிமிடம் ஆனாலும் நன்றாக நீந்தியதாகத்தான் பொருள். முதல் 200 மீட்டரில் மூன்று கைவீச்சுக்கு ஒரு மூச்சு வசதியாக வர வேண்டும். இரண்டுக்கு ஒன்று தேவைப்பட்டும் இரைத்தால் வேகம் கூடிவிட்டது. அந்தக் கடனைப் பிறகு கடலில் அடைப்பது கடினம்.

கூட்டத்துக்கு எளிய வழி உண்டு. நீரோட்டம் வடக்கே போனால் வரிசையின் தெற்கு ஓரத்தில், பின்னால் நில்லுங்கள். விசில் அடித்ததும் பத்து எண்ணிவிட்டுக் கிளம்புங்கள். 40 நிமிடப் போட்டியில் பத்து நொடி ஒன்றுமே இல்லை, ஆனால் முன்னால் அடித்துக்கொள்ளும் கைகால்கள் அதற்குள் விலகியிருக்கும். கண்ணாடிப் பட்டையின் மேல் தொப்பியைப் போடுங்கள், உதை பட்டாலும் கண்ணாடி கழன்று போகாது. முதல் மிதவையில் எல்லோரும் ஒரே முனையை ஒட்டித் திரும்புவார்கள். இரண்டு மூன்று மீட்டர் விலகியே திரும்புங்கள். இதையும் நண்பர்கள் மூவரோடு ஒரே பாதையில் தோளோடு தோள் உரசி நீந்திப் பழகுங்கள். இடிபடுவதற்கு உடல் பழகியிருந்தால் அன்று மனம் பதறாது.

பதறினாலும், மல்லாந்து படுத்துவிடுங்கள். உப்பு நீர் குளத்து நீரைவிட நன்றாகத் தாங்கும். நான்கைந்து நீண்ட வெளிமூச்சுக்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் ஒரு கையைத் தூக்குங்கள், காவல் படகு வரும். படகைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுத்தால் தகுதி நீக்கமா என்பதை முன்பே அமைப்பாளரிடம் கேட்டு வையுங்கள். பல போட்டிகளில், படகு உங்களை முன்னே இழுத்துச் செல்லாதவரை அனுமதி உண்டு.

ஒத்திகைக்காக மேட்டூர் நீர்த்தேக்கத்திலோ காவிரியிலோ தனியாக இறங்க வேண்டாம். போட்டிக்கு முந்தைய நாளே கடற்கரைக்குப் போய், உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில், உடன் ஒருவரோடு பத்து நிமிடம் நீந்துங்கள். அலை உடையும் இடத்தில் அதன் மேல் ஏறாமல் அடியில் புகுந்து வெளியே வரப் பழகுவதற்கு அந்த நேரம் போதும். அன்றே கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவிப் பாருங்கள், உப்பு உரசிப் புண்ணாகும் இடங்கள் அவைதான். முடிவில் கரையை நெருங்கியதும் உடனே எழுந்து நிற்காதீர்கள். கை இரண்டு முறை மணலைத் தொட்ட பிறகே நில்லுங்கள், இல்லையென்றால் மார்பளவு நீரில் நடந்து நேரம் போகும். எழும்போது தலை சுற்றினால் ஓடாமல் நடந்தே முடிவுக் கோட்டைக் கடந்துசெல்லுங்கள்.