மில்லியனைக் கோடியாக்கும்போது இடறும் இடங்கள்

*புதுச்சேரியில் ஓர் இணையச் செய்தித்தளத்தில் வணிகப் பக்கம் பார்க்கிறேன். நிறுவனங்களின் ஆங்கில அறிக்கைகளில் எல்லாமே மில்லியன், பில்லியன்தான். அவ்வப்போது பிரெஞ்சு அறிக்கைகளும் வரும். அவசரத்தில் கோடிக்கு மாற்றும்போது பூஜ்யம் கூடிவிடுகிறது, சதவீதமும் குழப்புகிறது. எப்படிச் சரியாக எழுதுவது?*

பூஜ்யங்களை எண்ணுவதை முதலில் விட்டுவிடுங்கள், அவசரத்தில் காலை வாருவது அதுதான். மில்லியனை 10ஆல் வகுத்தால் கோடி. பில்லியனை 100ஆல் பெருக்கினால் கோடி. டிரில்லியன் வந்தால் அதே எண்ணுக்குப் பின்னால் லட்சம் கோடி என்று போட்டால் சரி. இந்த மூன்றும் கைவசம் இருந்தால் போதும். ஒரு கோடிக்குக் கீழே வரும் தொகையை மட்டும் லட்சத்தில் எழுதுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் அட்டவணையில் இந்த ஆண்டு வருவாய் 12,450 என்றும் போன ஆண்டு 11,200 என்றும் இருக்கிறது. எண்ணைத் தொடும் முன் அட்டவணையின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அலகைப் படியுங்கள். நம் நிறுவனங்களே ஒன்று லட்சத்தில் தரும், ஒன்று கோடியில் தரும், இன்னொன்று மில்லியனில் தரும். இங்கே ரூபாய் மில்லியனில் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் வருவாய் 1,245 கோடி ரூபாய், போன ஆண்டு 1,120 கோடி. இதே தொகை லட்சத்தில் இருந்திருந்தால் 1,24,500 என்று வந்திருக்கும். மாற்றி முடித்ததும் அதே நிறுவனத்தைப் பற்றி நீங்கள் முன்பு போட்ட செய்தியை எடுத்து ஒப்பிடுங்கள். பத்து மடங்கு தள்ளி நின்றால் அலகில்தான் கோளாறு.

இதே அறிக்கையின் முதல் பத்தியில் 12.5 பில்லியன் என்று சுருக்கியிருப்பார்கள். அதை வைத்து 1,250 கோடி என்று எழுதினால் வாசகர் அதைத் துல்லியமான தொகையாக எடுத்துக்கொள்வார். அட்டவணை கையில் இருந்தால் அதிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் ‘சுமார்’ சேர்த்து எழுதுங்கள். சதவீதத்தையும் சுருக்கிய எண்ணிலிருந்து போடக்கூடாது. உயர்வு 125 கோடி, அதை 1,120ஆல் வகுத்தால் 11.2 சதவீதம்.

அப்புறம், லாப விகிதம் 8 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். இதை ‘2 சதவீதம் உயர்வு’ என்று எழுதுவது நம் பத்திரிகைகளில் ஊறிப்போன பிழை. 8லிருந்து 10 ஆவது 25 சதவீத உயர்வு, 2 என்பது சதவீதப் புள்ளி. பிப்ரவரி 2025இல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.50இலிருந்து 6.25 ஆக்கியது. இதை ‘0.25 சதவீதம் குறைப்பு’ என்று எழுதினால் அதே பிழைதான்: 6.50இல் 0.25 சதவீதம் என்று உண்மையிலேயே கணக்குப் போட்டால் 0.016தான் வரும். அதனால் ‘6.50 சதவீதத்திலிருந்து 6.25 சதவீதமாகக் குறைந்தது’ என்று இரண்டு முனையையும் எழுதிவிடுவதே என் வழக்கம். வீட்டுக்கடன் வாங்கியவருக்கும் அதுதான் உடனே புரியும்.

டாலர் வந்தால் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். முதலில் அலகை மாற்றுங்கள், பிறகு ரூபாய்க்குப் போங்கள். 320 மில்லியன் டாலர் என்றால் 32 கோடி டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டால் 2,720 கோடி ரூபாய். எந்த நாள் மதிப்பில் மாற்றினீர்கள் என்பதையும் செய்தியில் சொல்லிவிடுங்கள். போன ஆண்டு 300 மில்லியன் டாலர், அப்போது டாலர் 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 2,400 கோடி. இந்த இரண்டு ரூபாய்த் தொகையையும் ஒப்பிட்டால் வளர்ச்சி 13.3 சதவீதம் என்று வரும். ஆனால் டாலரில் நிறுவனம் வளர்ந்தது 6.7 சதவீதம்தான், மீதி ரூபாய் சரிந்ததால் வந்தது. ஆகவே சதவீதத்தை அறிக்கையின் நாணயத்திலேயே கணக்கிடுங்கள். ரூபாயில் இரண்டு ஆண்டையும் தரவேண்டுமென்றால் இரண்டையும் ஒரே மதிப்பில் மாற்றுங்கள். 2,720 கோடிக்கு எதிரே 2,550 கோடி என்று வரும், சதவீதமும் ஒத்துப்போகும்.

பிரெஞ்சு அறிக்கையில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. அங்கே 12,450 என்றால் பன்னிரண்டரைக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டாயிரத்தை இடைவெளி விட்டு 12 450 என்று எழுதுவார்கள். `M€` என்றால் மில்லியன் யூரோ, `Md€` என்றால் மில்லியார், அதாவது 100 கோடி யூரோ. பிரெஞ்சில் பில்லியன் என்று எழுதியிருந்தால் அது ஆங்கில டிரில்லியன், நம் லட்சம் கோடி. அந்தச் சொல் அங்கே அரிதாகத்தான் வரும். வந்தால் மூல ஆவணத்தைத் திறந்து பார்க்காமல் பிரசுரிக்காதீர்கள்.