அவர் கை பந்தைத் தொடும்போது உங்கள் கால் எங்கே இருக்கிறது?

"கல்லூரி வாலிபால் அணியில் ஐந்தாம் இடத்தில், அதாவது இடது பின் பக்கம், டிஃபன்ஸ் ஆடுகிறேன் சார். எதிரணியின் நாலாம் இடத்து அட்டாக்கர் குறுக்கே அடிக்கும் ஸ்மாஷ் கையில் பட்டுத் தலைக்கு மேல் பின்னால் பறக்கிறது. டிராப் போட்டால் அசையவே முடிவதில்லை. நன்றாகக் குனிந்துதான் நிற்கிறேன். என்ன தவறு?"

குனிவது வேறு, தாழ்வது வேறு தம்பி. இடுப்பை மடித்துக் குனிந்தால் தலை மட்டும்தான் கீழே வரும், எடை குதிகாலுக்குப் போய்விடும். அப்போது பந்து வேகமாக வந்தால் உடம்பு பின்னால் சாயும், கையும் கூடவே மேலே எழும். பந்து பின்னால் பறப்பது அதனால்தான். மடங்க வேண்டியது முட்டி. கால்களைத் தோள் அகலத்தைவிடச் சற்று விரித்து, முட்டி கால்விரல்களுக்கு முன்னால், தோள் முட்டிக்கும் முன்னால் வரும்படி நில்லுங்கள். எடை முன்பாதத்தில் இருக்கட்டும். கைகளைப் பூட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். முட்டிக்கு முன்னால் தனித்தனியாகத் தொங்கட்டும், பந்து வரும் பக்கம் தெரிந்த பிறகு சேர்த்தால் போதும். அதற்காக ஒரேயடியாக உட்கார்ந்துவிடவும் கூடாது. தொடை தரைக்கு இணையாகிவிட்டால் அங்கிருந்து கிளம்ப முடியாது.

அடுத்தது நேரம். ஒரு நல்ல ஸ்மாஷ் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள், நொடிக்கு 25 மீட்டர். குறுக்கே உங்கள் கைக்கு வர ஏறக்குறைய ஒன்பது மீட்டர். ஆக மொத்தம் 0.4 நொடிகூட இல்லை. அதில் பாதி, கண் பார்த்து மூளை புரிந்துகொள்வதற்கே போய்விடும். மீதி நேரத்தில் கையை ஒரு பக்கம் கொண்டுபோகலாம், அரை அடி எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். எனவே இடம் மாறுவதெல்லாம் அட்டாக்கர் கை பந்தைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தொடும் கணத்தில் இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும். நீங்கள் நின்ற இடம் ஒரு மீட்டர் தவறாக இருந்தாலும் பரவாயில்லை, ஓடிக்கொண்டே எடுப்பதைவிட அது மேல்.

முன்கூட்டியே எப்படித் தெரியும்? பலர் செட்டர் கையிலிருந்து அட்டாக்கர் கைவரை பந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பந்து எதையும் முன்னால் சொல்லாது. செட்டர் போட்டதும் ஒரு பார்வை, பந்து வலையை ஒட்டி வருகிறதா, தள்ளி வருகிறதா என்று. அதோடு கண்ணை அட்டாக்கரிடம் கொண்டுபோய்விடுங்கள். முதலில் ஓடிவரும் கோணமும் தோள் திரும்பியிருக்கும் பக்கமும், அப்புறம் முழங்கை.

முழங்கை காதுக்கு மேல் பின்னால் போய், கை வேகம் குறையாமல் சுழன்றால் அடி வருகிறது, இருந்த இடத்தில் தாழுங்கள். முழங்கை இறங்கினாலோ, கை பாதி வழியில் தயங்கி விரல்கள் விரிந்தாலோ டிராப். அதற்கு முன்பாதத்தில் எடை இருந்தால்தான் கிளம்ப முடியும். உங்கள் இரண்டு குறைக்கும் வேர் ஒன்று, குதிகால்.

ஓர் உதாரணம். எதிரணிக்கு ரிசீவ் சரியில்லை, செட் வலையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி விழுகிறது. அங்கிருந்து மூன்று மீட்டர் கோட்டுக்குள் கூர்மையாக இறக்குவது மிகக் கடினம். எனவே வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து ஓரடி பின்னால் போகலாம். உங்கள் பிளாக்கர்கள் நேர்க்கோட்டை அடைத்துவிட்டார்கள். இப்போது பிளாக்கர் கையைத் தாண்டி அட்டாக்கரின் அடிக்கும் தோள் உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் சரியான இடம். பிளாக்கர் மறைத்தால், அங்கே வரவேண்டிய நேரடி அடியை அவரே பார்த்துக்கொள்வார், நீங்கள் பக்கக்கோடு பக்கம் ஓரடி விலகி வெளிச்சத்துக்கு வாருங்கள். கை சுழல்கிறது, நின்றாயிற்று, பந்து வலது முட்டிக்கு வெளியே வருகிறது. வலது தோளைச் சற்று உயர்த்தி, இடது தோளைத் தாழ்த்தி, இரண்டு முன்கையையும் பந்துக்கு அடியில் கொடுங்கள். வீச வேண்டாம், வேகம் பந்திலேயே இருக்கிறது. வீசினால் பந்து நேராக எதிரணிக்கே போகும். வலைக்குப் பக்கத்தில் செட்டருக்குத் துல்லியமாகத் தர ஆசைப்படாதீர்கள். மூன்று மீட்டர் கோட்டருகே, நடுவில், உயரமாக ஏறினால் போதும்.

பிளாக்கே இல்லாமல் வலையை ஒட்டிய பந்து கோட்டுக்குள் இறங்கினால் எந்த லிபரோவும் பெரும்பாலும் எடுக்க மாட்டார். அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

பயிற்சிக்கு, ஒருவரை வலைக்கு அப்பால் உறுதியான மேசைமேல் நிற்கவைத்து, தானே பந்தைத் தூக்கிப் போட்டு அடிக்கவோ டிராப் போடவோ சொல்லுங்கள். அவர் கை பந்தைத் தொடும் முன்பே நீங்கள் "அடி" அல்லது "டிராப்" என்று கத்த வேண்டும். முதல் நாள் பந்தை எடுக்கக்கூட வேண்டாம், கத்தினால் போதும். பக்கத்திலிருந்து ஒருவர் செல்போனில் ஸ்லோ மோஷன் எடுக்கட்டும். கை பந்தைத் தொடும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். ஒரு பாதம் காற்றில் இருந்தாலோ, குதிகால் தரையில் பதிந்திருந்தாலோ, அந்தப் பந்து என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.