கடைப் பலகை எழுதலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நன்றாகப் படம் வரைவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பலகை எழுதலாம் என்று தொடங்கினேன். ஆனால் கடைசி எழுத்துகள் எப்போதும் நெருங்கிவிடுகின்றன. ஏன்?

எழுத்தை எண்ணிப் பிரிக்கிறீர்கள், அதுதான் காரணம். ‘செல்வி டெய்லர்ஸ்’ என்று எழுத வேண்டும், பலகை 8 அடிக்கு 2 அடி என்று வைத்துக்கொள்வோம். எண்ணினால் எட்டு எழுத்து. ஆனால் இரண்டு கொம்புகளும் தனித்தனியாக இடம் கேட்கும். அப்போது பத்து இடம், நடுவில் இடைவெளிக்கு ஒன்று, ஆகப் பதினொன்று. 96 அங்குலத்தில் இரு ஓரமும் 4 அங்குலம் விட்டால் மீதி 88. இடத்துக்கு 8 அங்குலம் வரும். இது சராசரிதான். ‘ர்’ ஒல்லி, ஆறு போதும். அதில் மிச்சமாவதை ‘ஸ்’ஸுக்கும் ‘ல’வுக்கும் கொடுங்கள்.

உயரத்திலும் ஏமாறக் கூடாது. புள்ளியும் ‘வி’யின் சுழியும் மேலே ஏறும். மேல் ஓரம் 3, சுழிக்கு 5, எழுத்தின் உடலுக்கு 11, கீழே 5 என்று நூல் அடித்துக்கொள்ளுங்கள். சாக்பீஸில் முழுப் பெயரையும் எழுதி, எதிர்ச் சாரிக்குப் போய்ப் பாருங்கள். இடைவெளியில் உள்ள குறை அங்கிருந்துதான் தெரியும். அப்புறம்தான் பிரஷ்.

பள்ளிச் சுவரில் எனாமலில் வரைந்த படம் மூன்றே மாதத்தில் தோல் தோலாக உரிந்துவிட்டது. மட்டமான பெயிண்டா?

பெயிண்டைவிடச் சுவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஈரச் சுவரிலிருந்து தண்ணீர் வெளியே வரப் பார்க்கும். எனாமல் படலம் அதை அடைத்து நிற்கும். சிமெண்டில் உள்ள காரம், ஈரத்தோடு சேர்ந்து, எனாமலின் எண்ணெயைச் சோப்புபோல் ஆக்கிவிடும். பிடிப்பு போய்விடும்.

அடுத்த முறை, ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர் முத்து கோத்திருந்தால் வேலையைத் தள்ளிப் போடுங்கள். புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காயட்டும். உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக ஒட்டினால் பழைய சுண்ணாம்பு. அதைச் சுரண்டாமல் எதை அடித்தாலும் உதிரும். சுவருக்கு பிரைமர் அடித்து, எக்ஸ்டீரியர் எமல்ஷனில் வரையுங்கள். எனாமலை ஷட்டருக்கும் தகரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்பது?

அதே டெய்லர் பலகைக்கு பெயிண்ட், டர்பென்டைன் 700 ரூபாய், ஒன்றரை நாள் வேலை, உங்கள் நாள் கூலி 1,000 என்றால் 2,200. 16 சதுர அடிக்குப் பிரித்தால் அடிக்கு 138 ரூபாய் போல வரும். ஃபிளெக்ஸ் விலையோடு மோதாதீர்கள், தோற்பீர்கள். ஷட்டர், கண்ணாடி, வளைந்த சுவர் என்று ஃபிளெக்ஸ் சரியாக உட்காராத இடங்களைத் தேடுங்கள். பொருள் செலவை முன்பணமாகவே வாங்கிவிடுங்கள்.

கடைக்காரர் ஆங்கிலத்தைப் பெரிதாகக் கேட்கிறார்.

தமிழ்நாட்டுக் கடைகள் விதிப்படி தமிழ்தான் முதலில், பெரிதாக வர வேண்டும். சாக்பீஸ் கோடு போடும்போதே சொல்லிவிடுங்கள். பெயிண்ட் காய்ந்த பிறகு சொன்னால் திரும்ப எழுதும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.