260 வாட் சோலார் பேனலில் 110 வாட்தான் வருகிறதா?

கேள்வி: 260 வாட் பேனல், 12 வோல்ட் பேட்டரி, பி.டபிள்யூ.எம் கண்ட்ரோலர். உச்சி வெயிலிலும் 110 வாட்டைத் தாண்டவில்லை. பேனல் பழுதா?

பதில்: பேனல்மேல் பழி போடாதீர்கள். அதன் முதுகில் இருக்கும் ஸ்டிக்கரில் Vmp என்ற இடத்தைப் பாருங்கள், பேனல் அதிகபட்ச வாட் தருகிற வோல்ட் அது, 31 வோல்ட்டை ஒட்டி ஏதாவது போட்டிருக்கும். ஆம்பியர் எட்டரைக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் பெருக்கினால்தான் அந்த 260. பி.டபிள்யூ.எம் என்பது வேகமாகப் போட்டு அணைக்கிற ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். பேட்டரி நிரம்புகிற வரை அது பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்த்தே வைத்திருக்கும். பேட்டரி 13 வோல்ட்டில் நின்றால் பேனலும் 13-க்கு இறங்கித்தான் ஆக வேண்டும், ஆனால் ஆம்பியர் அதற்கு ஈடாக ஏறாது. 13-ஐ எட்டரையால் பெருக்குங்கள், உங்கள் 110 வந்துவிடும். மீதி பேனலிலேயே சூடாகிப் போகிறது.

எம்.பி.பி.டி என்ற இன்னொரு வகைக் கண்ட்ரோலர், பேனலை அதன் 31 வோல்ட்டிலேயே வேலை செய்ய விட்டு, வோல்ட்டைக் குறைத்து ஆம்பியராக மாற்றித் தருகிறது. மாற்றும்போது ஐந்து சதவீதம் போனாலும் பேட்டரிக்குள் 19 ஆம்பியர் இறங்கும். 30 ஆம்பியர் கண்ட்ரோலராக வாங்குங்கள். எனக்கு ஆத்திரமெல்லாம் உங்கள் பேனலையும் பி.டபிள்யூ.எம்மையும் ஜோடி சேர்த்து விற்றவர்மேல்தான். பி.டபிள்யூ.எம் மோசமான பொருள் இல்லை, 12 வோல்ட் பேட்டரிக்கென்றே வரும் 36 செல் பேனலோடு, அதாவது Vmp 18 வோல்ட் அளவில் இருந்தால், நஷ்டம் கால் பங்குதான், பேனல் சூடேறினால் அதைவிடவும் குறைவு. உங்களுடையதைப் போன்ற 60 செல் பேனலோடு அதைக் கட்டிக் கொடுப்பது பாதி பேனலுக்குச் சும்மா காசு வாங்குவது.

கேள்வி: 20 வாட் பேனல், ஒரே ஒரு விளக்கு. எம்.பி.பி.டி வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்தக் காசுக்குக் கொஞ்சம் பெரிய பேனல் வாங்குங்கள்.

கேள்வி: 100 வோல்ட் வரை தாங்கும் எம்.பி.பி.டியில் Voc 38 உள்ள மூன்று பேனலைத் தொடராக இணைத்தேன். எரிந்துவிட்டது. வாரண்டி கிடைக்குமா?

பதில்: Voc என்பது எதிலும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்ட். மூன்று முப்பத்தெட்டு 114. குளிர்ந்த காலையில் இன்னும் ஏறும். எந்த வாரண்டி?

கேள்வி: பெட்டியில் எம்.பி.பி.டி என்றுதான் இருக்கிறது, ஆனால் சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இருக்கலாம், அது உங்கள் தப்பு இல்லை. எனக்கும் அப்படி ஒன்று வந்தது, திறந்தால் உள்ளே கம்பிச்சுருளே இல்லை. அது இல்லாமல் வோல்ட்டை மாற்ற முடியாது. உங்களுடையதைத் திறக்காதீர்கள், திருப்பித் தர வேண்டியிருக்கும். பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது, நல்ல வெயிலில், கண்ட்ரோலரின் பேனல் முனைகளிலும் பேட்டரி முனைகளிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேனல் பக்கம் 18 அல்லது 31 என்று உங்கள் Vmp-க்கு அருகில் நின்றால் சரி. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 13 என்றால் உள்ளே இருப்பது பி.டபிள்யூ.எம். பேட்டரி நிரம்பிய பிறகு பார்த்தால் எதிலும் பேனல் வோல்ட் ஏறித்தான் இருக்கும், அதை வைத்து ஏமாற்றப் பார்ப்பார்கள். இரண்டு அளவையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.