குழுவின் வட்டி வருமானத்தைப் பிரிக்கும் முறை

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழு சென்ற ஏப்ரலில் தொடங்கியது. பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதச் சேமிப்பு 200 ரூபாய். அவர்களில் இருவர் அக்டோபரில்தான் சேர்ந்தார்கள். உள்கடனுக்கு நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. கடன் பேரேட்டின்படி வட்டி 2,615 ரூபாய். ரொக்கப் புத்தகத்திலோ 2,240தான். வங்கி தந்த வட்டி 60, நோட்டு, பேருந்துச் செலவு 245. மார்ச் முடிவில் வெளியே நிற்கும் அசல் 21,000, வங்கியில் 7,055, கையில் 400. லாபத்தைச் சமமாகப் பிரிக்கலாமா?

பதில்: சமமாகப் பிரிக்க வேண்டாம், 2,615 ரூபாயையும் பிரிக்க வேண்டாம். பேரேட்டுக்கும் ரொக்கப் புத்தகத்துக்கும் இடையே உள்ள 375 ரூபாய், பெரும்பாலும் உறுப்பினர்கள் இன்னும் கட்டாத வட்டியாகத்தான் இருக்கும். வர வேண்டிய வட்டிக்கும் வந்த வட்டிக்கும் கடன் பேரேட்டில் தனித்தனிப் பத்திகள் இருந்தால் இது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வராத பணத்தைப் பங்கு போட்டால், அந்தப் பங்கு மற்றவர்களின் சேமிப்பிலிருந்துதான் போகும். எனவே இந்த 375 நிலுவையாகவே நிற்கட்டும். அது வந்து சேரும் ஆண்டின் வருமானமாக எழுதிக்கொள்ளலாம்.

ஆனால், பிழை வேறு இடத்திலும் இருக்கலாம். 5,000 ரூபாய் கடன் வாங்கியவர் முதல் மாதம் 600 ரூபாய் கட்டினால், 100 ரூபாய் வட்டிக்கும் 500 ரூபாய் அசலுக்கும் போக வேண்டும். மீதி அசல் 4,500 என்பதால் அடுத்த மாத வட்டி 90 ரூபாய். பல குழுக்களில் 600 முழுவதையும் அசலில் கழித்துவிடுகிறார்கள், அல்லது கடைசித் தவணை வரை 5,000 ரூபாய்க்கே வட்டி போடுகிறார்கள். முதல் வகையில் குழுவுக்கு நஷ்டம், இரண்டாவதில் கடன் வாங்கியவருக்கு நஷ்டம்.

முதலில் உங்கள் மொத்தக் கணக்கு ஒத்துப்போகிறதா என்பதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. பத்துப் பேர் ஆளுக்கு 2,400 ரூபாயும் இருவர் ஆளுக்கு 1,200 ரூபாயும் சேமித்ததில் மொத்தம் 26,400. வந்த வட்டி 2,240, வங்கி வட்டி 60 ஆகியவற்றைக் கூட்டிச் செலவு 245ஐக் கழித்தால் நிகர வருமானம் 2,055. இரண்டும் சேர்ந்து 28,455. மறுபக்கம் அசல் நிலுவை 21,000, வங்கி இருப்பு 7,055, கையிருப்பு 400, அதுவும் 28,455. இரு பக்கமும் ஒத்துப்போவதால் மொத்தக் கணக்கு சரி. ஆயினும் அசலையும் வட்டியையும் மாற்றி எழுதிய பிழை இந்தக் கூட்டலில் வெளிப்படாது. அதற்கு ஒவ்வொருவரின் கடன் பக்கத்தையும் அவரது பாஸ்புத்தகத்துடன் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். சேமிப்பை வருமானத்தில் சேர்த்து எழுதும் பழக்கம் இருந்தால் அதை உடனே விட்டுவிடுங்கள். அது குழு உறுப்பினர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பணம்.

இனிப் பங்கு. 2,055 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கான 411 ரூபாயை வாராக் கடனுக்கான ஒதுக்கீடாக வைக்கலாம் என்பது என் யோசனை. அளவைக் குழுவே தீர்மானிக்கட்டும். மீதி 1,644 ரூபாய். ஏப்ரலில் கட்டிய 200 ரூபாய் பன்னிரண்டு மாதம் குழுவிடம் இருந்தது, மே மாதத்தது பதினொரு மாதம், மார்ச் மாதத்தது ஒரு மாதம். ஒரு தவணை ஒரு மாதம் இருந்தால் ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டால், முழு ஆண்டும் கட்டியவருக்கு 78 புள்ளிகளும் அக்டோபரில் சேர்ந்தவருக்கு 21 புள்ளிகளும் வரும். பத்துப் பேருக்கு 780, இருவருக்கு 42, ஆக மொத்தம் 822. 1,644ஐ 822ஆல் வகுத்தால் புள்ளிக்கு 2 ரூபாய்; எனவே பழையவர்களுக்கு ஆளுக்கு 156, புதியவர்களுக்கு ஆளுக்கு 42.

சமமாகப் பிரித்திருந்தால் ஒவ்வொருவருக்கும் 137 ரூபாய். அதாவது, பழையவர் ஒவ்வொருவரும் 19 ரூபாயை விட்டுக்கொடுத்திருப்பார். தொகை சிறிதுதான், ஆனால் சேமிப்பு வளர வளர இந்த இடைவெளியும் வளரும். குழுவில் மனக்கசப்பு தொடங்குவதும் இங்கேதான். புதியவர்கள் விடுபட்ட ஆறு மாதத் தவணையை அக்டோபரில் மொத்தமாகக் கட்டியிருந்தாலும், அந்தப் பணத்துக்குப் புள்ளி அக்டோபரிலிருந்துதான் கணக்கிடப்பட வேண்டும்.

பங்குத் தொகை, ஒதுக்கீடு, நிலுவை வட்டி ஆகிய மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வந்திருக்கும் அனைவரின் கையெழுத்தையும் பெறுங்கள். பங்கை ரொக்கமாகக் கொடுக்காமல் அவரவர் சேமிப்பில் வரவு வைத்தால், உள்கடனுக்கான பணம் குறையாது. ரொக்கமாகவே கொடுப்பதென்றால் வங்கி இருப்பு 5,411 ஆகும். அப்படிக் கொடுத்துவிட்டால், அடுத்த ஆண்டுக் கணக்கைத் தொடங்கும்போது பழையவரின் 2,400 ரூபாய் பன்னிரண்டு தவணை, அது பன்னிரண்டு மாதமும் இருக்கும் என்பதால் 144 புள்ளிகள். புதிய தவணைகளுக்கான 78ஐச் சேர்த்தால் ஆண்டு முடிவில் அவருக்கு 222.