வெள்ளிக் காசில் இருப்பது அகஸ்டஸா, திபேரியஸா?

"பாலக்காட்டுச் சித்தூரில் பாட்டியின் பெட்டியில் கிடைத்த வெள்ளிக் காசு. தலையில் இலைமாலையோடு ஓர் ஆண், 'அகஸ்டஸ்' என்று மட்டும் படிக்க முடிகிறது. பின்பக்கம் உட்கார்ந்த பெண். அகஸ்டஸ்தானா?"

எனக்கென்னவோ கி.பி. 14–37இல் ஆண்ட ரோமப் பேரரசர் திபேரியஸ் என்றுதான் படுகிறது. அகஸ்டஸ் என்பது அவருக்கு முன் ஆண்ட முதல் பேரரசரின் பெயர், ஆனால் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் பட்டமாகிவிட்டது; அந்தச் சொல் எங்கே வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். திபேரியஸ் காசில் டி, ஐ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கி, சீசர் என்று போய், கடைசியில் அகஸ்டஸ் வரும். அகஸ்டஸின் காசில் சீசருக்கு அடுத்தே அந்தச் சொல் வந்துவிடும். 'பாத்தெர் பாத்ரியே', அதாவது நாட்டின் தந்தை என்று முடியும். யூ வரவேண்டிய இடத்தில் வி இருக்கும், குழம்ப வேண்டாம்.

இலைமாலை உதவாது, இருவருக்கும் உண்டு. பெண் உருவம் ஓரளவு உதவும். கையில் நீண்ட கோலும் கிளையும் இருந்து, இருபுறமும் 'பான்டிஃப் மாக்ஸிம்', அதாவது தலைமைக் குரு என்று பிரிந்திருந்தால் பெரும்பாலும் திபேரியஸ். ஆனால் அகஸ்டஸும் கடைசிக் காலத்தில் இதே உருவத்தை அபூர்வமாக வெளியிட்டார். அவருடைய காசுகளில் இங்கே அதிகம் கிடைப்பது, நடுவில் கேடயங்களோடு இரண்டு இளைஞர்கள் நிற்கும் வகை. அதனால் முகப்பக்க எழுத்துதான் முடிவு.

சாய்வான வெளிச்சத்தில் படம் எடுங்கள், தேய்ந்த எழுத்தும் தெரியும். எடை மூன்றரை முதல் நான்கு கிராமுக்குள் இருக்க வேண்டும். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடினால் அச்சில் வார்த்த போலி. புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்!