கட்டக் காணொளியில் வாயசைவும் குரலும் விலகிப்போவது

“ஒன்பது பேரின் வாழ்த்துகளை 3×3 கட்டமாகச் சேர்த்தேன். தொடக்கத்தில் எல்லாம் சரி. முடிவுக்கு வரும்போது ஹட்டன் தோழியின் வாயசைவு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஞாயிறு பிறந்தநாள்!”

அந்த ஒரு கோப்பை மட்டும் ffmpeg என்ற கட்டளைவரிக் கருவியால் நொடிக்கு 30 படச்சட்டம் என்ற நிலையான வேகத்துக்கு மாற்றி, பழையதன் இடத்தில் வையுங்கள்.

```
ffmpeg -i hatton.mp4 -vf fps=30 -c:a aac -ar 48000 hatton30.mp4
```

கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் மாறும் வேகத்திலேயே பதிகின்றன. மூடுபனி இறங்கிய மாலையில், ஒற்றை மின்குமிழின் கீழ் எடுத்திருந்தால், வெளிச்சம் போதாமல் கமரா படச்சட்டங்களைத் தானாகவே குறைத்துவிடும். சில தொகுப்புச் செயலிகள் அதைச் சீரான வேகமாகக் கருதுவதால், படம் குரலைவிட்டுச் சிறிது சிறிதாக விலகுகிறது.

மாற்றுவதற்கு முன் கோப்பை அதன் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ செயலியில் திறந்து, `Frame rate mode` என்ற வரியில் `Variable` என்று இருக்கிறதா எனப் பாருங்கள். `Constant` என்று இருந்து, விலகலும் தொடக்கம் முதல் ஒரே அளவாக இருந்தால், இந்த மாற்றம் உதவாது. ஒலித்தடத்தை அந்த அளவுக்கு நகர்த்தினாலே போதும்.

தோழியிடம் மூலக் கோப்பை வட்ஸ்அப்பில் ‘ஆவணம்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணக் காணொளியாக வந்தது ஏற்கெனவே சுருக்கப்பட்டது, மறுபடி மாற்றினால் முகம் இன்னும் மங்கும்.

ஒன்பது பேரும் சேர்ந்து பாடும் பகுதி இருந்தால், அது இதனால் ஒத்துவராது. ஒரே பின்னணி இசையை இயர்போனில் கேட்டபடி பாடியிருந்தால் மட்டுமே குரல்கள் சேரும்; இல்லையேல் ஒருவரின் குரலை வைத்து, மற்ற எட்டையும் மௌனமாக்கிவிடுவதே நல்லது.